குலைந்து கிடக்கும் வினாக்களைப் பயிற்சித்தாள் ஆக்குவது எப்படி?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். விட்டு வந்த பாடசாலையின் தவணைப் பரீட்சைத் தாள் ஒன்று இருக்கும். இப்போது போகும் பாடசாலையில் கொடுத்த தாள்கள் இரண்டு இருக்கும். சிநேகிதியின் கொப்பியைப் பார்த்து எழுதிய வினாக்கள் சில இருக்கும். எல்லாம் நல்ல வினாக்கள்தான். ஆனால் வட்டிக் கணக்குக்குப் பக்கத்தில் வட்டம், அதற்குக் கீழே நிகழ்தகவு, பிறகு மீண்டும் வட்டி என்று ஒழுங்கில்லாமல் கிடக்கும். பிள்ளை மேலிருந்து கீழே செய்துகொண்டு போகிறது. சில சரி வருகின்றன, சில பிழைக்கின்றன. எந்தப் பாடத்தில் பிழைக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு இது பெரிய நட்டம். ஒரு பாடசாலை முதலாம் தவணையில் படிப்பித்த பாடத்தை இன்னொரு பாடசாலை இரண்டாம் தவணைக்கு வைத்திருக்கும். இடையில் மாறிய பிள்ளைக்கு ஒரு பாடம் இரண்டு தடவை கிடைக்கும், இன்னொரு பாடம் கிடைக்காமலே போகும். கிடைக்காத பாடம் எது என்பதைக் கண்டுபிடிக்க, அந்த வினாக்களையே புள்ளிப்படியும் பாடப்படியும் அடுக்கி ஒரு பயிற்சித்தாள் ஆக்கலாம். இதற்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கத்தரிக்கோல், பேனை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். கணித பாடத்தை உதாரணமாக வைத்துச் செய்து பார்ப்போம்.

வெட்டுவதற்கு முன் இலக்கமிடுக

முதலில் எல்லா வினாக்களுக்கும் 1, 2, 3 என்று தொடர் இலக்கம் போடுங்கள். இதைப் பழைய இலக்கம் என்போம். விடைகள் இருந்தால் அவற்றுக்கும் அதே இலக்கத்தைப் போடுங்கள். இதைச் செய்யாமல் வெட்டிவிட்டால் எந்த விடை எந்த வினாவுக்கு உரியது என்று பிறகு தேட வேண்டிவரும்.

அடுத்து ஒவ்வொரு வினாவுக்கும் உரிய புள்ளியை அதன் ஓரத்தில் எழுதி, எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் குறித்து வையுங்கள். நமது உதாரணத்தில் 12 வினாக்கள் உள்ளன. 2 புள்ளி வினாக்கள் 5, 5 புள்ளி வினாக்கள் 4, 10 புள்ளி வினாக்கள் 3. மொத்தம் 10 + 20 + 30 = 60 புள்ளிகள். புள்ளி குறிக்கப்படாத வினா இருந்தால் ஊகித்து எழுத வேண்டாம். கேள்விக்குறி போட்டுவிட்டு ஆசிரியரிடம் கேளுங்கள்.

இப்போது வினாக்களை வெட்டுங்கள். தாளின் இரு பக்கத்திலும் வினா இருந்தால் வெட்டாமல் வேறு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் உள்ள வினாவோடு படமும் சேர்ந்தே வர வேண்டும். "மேலே தரப்பட்ட அட்டவணையைக் கொண்டு" என்று தொடங்கும் வினா தனியே போனால் பயனில்லை. அட்டவணையையும் அதனுடன் இணைத்துவிடுங்கள்.

(அ), (ஆ), (இ) என்று பகுதிகள் உள்ள வினாவைப் பிரிக்கலாமா? (அ) பகுதியைக் கையால் மறைத்துவிட்டு (ஆ) பகுதியை வாசியுங்கள். அதற்கு வேண்டிய தரவு எல்லாம் அதிலேயே இருந்தால் பிரிக்கலாம். "மேலே பெற்ற சமன்பாடுகளைத் தீர்க்க" என்று வந்தால் பிரிக்கக் கூடாது. சமன்பாடு அமைக்க 3, தீர்க்க 5, விடையைப் பயன்படுத்த 2 என்று இருந்தால் அது ஒரே 10 புள்ளி வினாவாகவே நிற்கட்டும்.

புள்ளிப்படி முதலில், பாடப்படி பிறகு

சின்ன வெங்காயத்தைப் பருமன் பார்த்து முதலில் பிரிப்பது போல, துண்டுகளைப் புள்ளிப்படி மூன்று குவியல் ஆக்குங்கள். இந்த வேலையை எழுத்து வாசிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

பிறகு ஒவ்வொரு குவியலையும் பாடப்படி பிரியுங்கள். சாதாரண தரக் கணிதத்தை ஆறு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம்: எண்கள், அளவீடுகள், அட்சரகணிதம், கேத்திரகணிதம், புள்ளிவிபரவியல், தொடைகளும் நிகழ்தகவும். இந்த வேலையைப் பிள்ளையே செய்யட்டும். தெரியாததை ஆசிரியரிடமோ மேல் வகுப்புப் பிள்ளையிடமோ கேட்கட்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வினாவில் வரும் கதையைப் பார்த்துப் பாடத்தைத் தீர்மானிக்கக் கூடாது. பிள்ளை செய்ய வேண்டிய வேலையைப் பார்க்க வேண்டும். இந்த வினாவைப் பாருங்கள்:

60 மீற்றர் நீளமும் 40 மீற்றர் அகலமும் கொண்ட செவ்வகத் தோட்டத்தின் உட்புறமாகச் சுற்றிவர 2 மீற்றர் அகலப் பாதை உண்டு. பாதையின் பரப்பளவைக் காண்க. சதுர மீற்றருக்கு 150 ரூபா வீதம் கிறவல் பரப்ப எவ்வளவு செலவாகும்?

ரூபா வருவதால் இதை "எண்கள்" பக்கம் போடத் தோன்றும். செய்து பாருங்கள். முழுத் தோட்டம் 60 × 40 = 2,400. பாதை இரு பக்கமும் 2 மீற்றர் எடுப்பதால் உள்ளே மிஞ்சுவது 56 × 36 = 2,016. பாதை 2,400 − 2,016 = 384 சதுர மீற்றர். செலவு 384 × 150 = 57,600 ரூபா. வேலையின் பெரும் பகுதி பரப்பளவு காண்பது. செலவு காண்பது ஒரு பெருக்கல் மட்டுமே. ஆகவே இது அளவீடுகள். ஒரு வினாவில் இரண்டு பாடம் கலந்திருந்தால், கூடிய புள்ளி எந்த வேலைக்குக் கிடைக்கிறதோ அந்தப் பாடத்தில் சேருங்கள்.

நமது 12 வினாக்களும் இப்படி அடுக்கப்பட்டன. அடைப்புக்குள் இருப்பது பழைய இலக்கம்.

பகுதி I – 2 புள்ளி வினாக்கள்
எண்கள்: 1 (3)
அட்சரகணிதம்: 2 (1), 3 (6)
கேத்திரகணிதம்: 4 (10)
தொடைகளும் நிகழ்தகவும்: 5 (4)

பகுதி II – 5 புள்ளி வினாக்கள்
எண்கள்: 6 (9)
அளவீடுகள்: 7 (8)
கேத்திரகணிதம்: 8 (2)
தொடைகளும் நிகழ்தகவும்: 9 (11)

பகுதி III – 10 புள்ளி வினாக்கள்
அளவீடுகள்: 10 (5)
அட்சரகணிதம்: 11 (12)
புள்ளிவிபரவியல்: 12 (7)

பாடங்களின் வரிசை எல்லாப் பகுதியிலும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். அப்போதுதான் பிறகு தேடுவது இலகு. ஒரே வினா இரண்டு தாளில் வந்திருந்தால் இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மொத்தப் புள்ளியையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் புள்ளிகளை மறுபடி கூட்டுங்கள். 60 வராவிட்டால் ஒரு துண்டு பாயின் கீழோ கொப்பிக்குள்ளோ போய்விட்டது. பழைய இலக்கங்களை 1 முதல் 12 வரை சொல்லிப் பார்த்தால் எது இல்லை என்று உடனே தெரியும்.

தாளில் ஒட்டும்போது 2 புள்ளி வினாவுக்குக் கீழே நான்கு வரி, 5 புள்ளிக்கு அரைப் பக்கம், 10 புள்ளிக்கு ஒரு பக்கம் விடலாம். தாள் போதாவிட்டால் வினாக்களை மட்டும் ஒட்டி, விடையைக் கொப்பியில் புதிய இலக்கத்துடன் எழுதச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே தாள் உதவும். 100 புள்ளிக்கு இரண்டு மணித்தியாலம் என்ற கணக்கில் ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட நேரம் உண்டு. எனவே 60 புள்ளித் தாளுக்கு 72 நிமிடம் கொடுங்கள்.

தாள் சொல்லும் செய்தி

ஒரு பிள்ளை இந்தத் தாளைச் செய்து 60க்கு 41 எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பகுதி I இல் 10க்கு 8, பகுதி II இல் 20க்கு 14, பகுதி III இல் 30க்கு 19. இதைப் பார்த்தால், "வினா பெரிதாகப் பெரிதாகப் பிள்ளைக்குக் கஷ்டம்" என்று எண்ணத் தோன்றும். இப்போது அதே புள்ளிகளைப் பாடப்படி கூட்டிப் பாருங்கள்:

எண்கள்: 7க்கு 7
அளவீடுகள்: 15க்கு 13
அட்சரகணிதம்: 14க்கு 13
கேத்திரகணிதம்: 7க்கு 0
புள்ளிவிபரவியல்: 10க்கு 2
தொடைகளும் நிகழ்தகவும்: 7க்கு 6

பிள்ளை இழந்தது 19 புள்ளி. அதில் 15 புள்ளி இரண்டே பாடங்களில் போயிருக்கிறது. பெரிய வினா என்பதால் பிழைக்கவில்லை. அட்சரகணிதத்தின் 10 புள்ளி வினாவில் பிள்ளை 9 எடுத்திருக்கிறது. கேத்திரகணிதத்தில் 2 புள்ளி வினாவும் வரவில்லை, 5 புள்ளி வினாவும் வரவில்லை. சிறிய வினாவும் பெரிய வினாவும் ஒரே பாடத்தில் வெறுமையாக நின்றால், அந்தப் பாடம் பிள்ளைக்குப் படிப்பிக்கப்படவே இல்லை என்று ஐயப்படலாம். "வட்டம் எப்போது படித்தாய்?" என்று கேளுங்கள். "நாங்கள் வெளிக்கிட்ட தவணையில், அம்மா" என்று பதில் வந்தால் காரணம் விளங்கிவிடும்.

சிறிய வினாக்கள் சரிவந்து அதே பாடத்தின் பெரிய வினா பிழைத்தால் அது வேறு நோய். பாடம் தெரியும், படிப்படியாக எழுதும் பயிற்சி குறைவு. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. முதலாவதற்கு ஆசிரியர் ஒருவர் அந்தப் பாடத்தை முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். மேலும் மேலும் வினாக் கொடுப்பதால் பயனில்லை. இரண்டாவதற்கு, விடைத்தாளைப் பக்கத்தில் வைத்து எந்த வரியில் புள்ளி போனது என்று பார்த்து, அதே மாதிரி இன்னும் சில வினாக்கள் செய்தால் போதும்.

ஒரு பாடத்தில் ஒரே ஒரு வினாதான் இருந்தால் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். நமது தாளில் புள்ளிவிபரவியலில் ஒரு 10 புள்ளி வினா மட்டுமே உண்டு. மேற்சொன்ன இரண்டில் எந்த நோய் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பாடத்தில் 2 புள்ளி வினாக்கள் இரண்டு தேடிச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை

பாடப்படி அடுக்கிய தாள் பிள்ளைக்குச் சற்று இலகு. "அட்சரகணிதம்" என்ற தலைப்பே செய்யும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிடும். பரீட்சை மண்டபத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே பலவீனமான பாடங்களைப் படித்து முடித்தபின், இரண்டு வாரம் விட்டு, அதே வினாக்களைப் பழைய இலக்கப்படி, தலைப்புகள் இல்லாமல், குலைந்த ஒழுங்கிலேயே மறுபடி செய்யச் சொல்லுங்கள். முதல்நாள் போட்டு வைத்த பழைய இலக்கம் அப்போதும் உதவும். அன்று கேத்திரகணிதத்தின் 7 புள்ளியில் எத்தனை வருகிறது என்று பாருங்கள்.