விளம்பரம் உண்மையில் எதனை விற்றது?

இணையச் சந்தையில் பொருள் விற்பவர் ஒருவர் தமது விளம்பரக் கணக்கைத் திறந்தால் ACOS என்னும் நிரலையே முதலில் பார்க்கின்றார். விளம்பரத்தின் மூலம் கிடைத்த விற்பனைப் பணத்தில் எத்தனை சதவீதம் விளம்பரத்துக்குச் செலவாயிற்று என்பதை அது காட்டுகின்றது. இந்த எண் ஒன்றை மட்டும் நம்பித் தீர்மானம் எடுப்பது ஏன் தவறாகும் என்பதை இப்பாடத்தில் ஓர் உதாரணக் கணக்கின் மூலம் பார்ப்போம்.

அமெரிக்காவின் அமேசன் சந்தையில் ஒருவர் கறுவாப் பொதி விற்கின்றார் என வைத்துக்கொள்வோம். ஒரு பொதியின் விலை 20 டொலர். அமேசனின் தரகு 3 டொலர். கொள்வனவு, கப்பற் கூலி, களஞ்சியம், அனுப்புகை யாவும் 11 டொலர். மிஞ்சுவது 6 டொலர், அதாவது விலையில் 30 சதவீதம். விளம்பரம் இன்றி மாதம் 300 பொதிகள் விற்கின்றன. இலாபம் 1,800 டொலர்.

அடுத்த மாதம் அவர் விளம்பரத்துக்கு 600 டொலர் செலவிடுகின்றார். விளம்பரத்தால் 100 பொதிகள், அதாவது 2,000 டொலர் விற்பனை என அறிக்கை சொல்கின்றது. ACOS 30 சதவீதம். இலாப வீதமும் அதுவே ஆகையால் நட்டமில்லை என அவர் எண்ணுகின்றார். ஆனால் இதே அறிக்கைக்குப் பின்னால் மூன்று வேறு நிலைமைகள் இருக்கக்கூடும்.

முதலாவது, மொத்த விற்பனை 400 பொதிகள். பழைய 300 அப்படியே நிற்க, 100 புதிதாக வந்துள்ளது. இலாபம் முன்போல 1,800 டொலர்.

இரண்டாவது, மொத்தம் 340 பொதிகள் மட்டுமே. விளம்பரத்தை அழுத்தியவர்களுள் 60 பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள். இலாபம் 1,440 டொலராகக் குறைந்துவிட்டது.

மூன்றாவது, மொத்தம் 460 பொதிகள். விளம்பர விற்பனையால் தேடற் பட்டியலில் பொருள் மேலே ஏறி, விளம்பரமின்றியே 60 பொதிகள் கூடுதலாகப் போயின. இலாபம் 2,160 டொலர்.

மூன்றிலும் ACOS ஒன்றுதான். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: செலவை மீட்க எத்தனை பொதிகள் புதிதாக விற்க வேண்டும்? 600 டொலரை ஒரு பொதியின் இலாபமான 6 டொலரால் வகுத்தால் 100 வருகின்றது. மொத்த விற்பனை 400க்கு மேல் போனால் இலாபம். கீழே நின்றால் நட்டம்.

மொத்த விற்பனை Business Reports பகுதியில் உண்டு. அதிலிருந்து விளம்பர விற்பனையைக் கழித்தால் இயல்பான விற்பனை கிடைக்கும். இங்கு இரு கவனங்கள் தேவை. விளம்பரத்தை அழுத்தி 7 நாட்களுக்குள் வாங்கியவையும் விளம்பரத்தின் பேரில் எழுதப்படுவதால், மாத முடிவில் ஒரு வாரம் பொறுத்தே கணக்கெடுக்க வேண்டும். அதே விற்பனையாளரின் வேறு பொருளை ஒருவர் வாங்கினாலும் அதுவும் விளம்பர விற்பனையிலேயே சேரும். எனவே ஒரு பொருளின் கணக்கில் மற்றதன் விற்பனை கலந்துவிடலாம்.

நமது விற்பனையாளர் இரண்டாம் நிலையில் இருக்கின்றார் என்போம். முதலில் எதனைக் குறைப்பது? பெரும்பாலும் ACOS கூடிய சொற்களையே நிறுத்துவர். ஆனால் அவரது வணிகப் பெயரையே தட்டித் தேடுபவர்களைப் பாருங்கள். அச்சொல்லுக்கு 100 டொலர் செலவாகி 50 பொதிகள் விற்றன. ACOS 10 சதவீதம்தான். எனினும் பெயரைச் சொல்லித் தேடுபவர் வாங்கவே வந்தவர். அச்சொல்லின் விளம்பரத்தை மட்டும் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். விற்பனை 290 அளவுக்கு விழுந்தால் அது தேவையான விளம்பரமே. ஒருவேளை போட்டியாளர் அவ்விடத்தைப் பிடித்திருப்பார். 340ஐ ஒட்டியே நின்றால் 100 டொலர் வீணாகியது தெளிவு.

இச்சோதனையின்போது விலையையோ கழிவையோ மாற்றலாகாது. சரக்கு தீர்ந்துபோகவும் விடலாகாது. நவம்பர், டிசம்பர் பண்டிகைக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. வாரம் 70 பொதிகள் விற்பவருக்கு 60க்கும் 80க்கும் இடையிலான ஏற்ற இறக்கம் இயல்பானது. ஆகையால் ஒரு வாரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. பட்டியலில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வாரங்கள் செல்லும். புதிய பொருளுக்கு முதல் மாதங்களில் நட்டத்தைத் தாங்கலாம். ஆனால் எத்தனை மாதம், எத்தனை டொலர் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

பயிற்சி: அடுத்த மாதம் விளம்பரச் செலவு 480 டொலர், மொத்த விற்பனை 370 பொதிகள். விளம்பரமற்ற மாதத்தோடு ஒப்பிட்டால் இலாபம் கூடியதா, குறைந்ததா?

விடை: மீட்க வேண்டியது 80 பொதிகள், கூடியது 70 மட்டுமே. இலாபம் 60 டொலரால் குறைந்தது.