வணிக வாழ்த்து மடல்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் ஒன்று. இவ்வூரில் மளிகைக்கடை நடத்தும் ஒரு பெண்மணி, உத்திரமேரூரில் இரண்டாவது கடை திறக்கவிருக்கிறார் எனக் கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கு அரிசி அனுப்பிவரும் காஞ்சிபுரத்து மண்டிக்காரர் அவரை வாழ்த்தி மடல் எழுத விரும்புகிறார்.

உறவினரும் நண்பரும் வாழ்த்துவதற்கும் சரக்கு கொடுப்பவர் வாழ்த்துவதற்கும் வேறுபாடு உண்டு. கடையின் வளர்ச்சியை மண்டிக்காரர் தம் கணக்கேட்டிலேயே பார்த்திருக்கிறார். முதல் மாதம் எத்தனை சிப்பம் வாங்கினார், பணம் சொன்ன நாளில் வந்ததா, நெருக்கடியில் எப்படி நடந்துகொண்டார் என்பன அவர் அறிந்தவை. மடலின் செய்தி அங்கிருந்துதான் வரவேண்டும். மண்டிக்காரர் முதலில் எழுதிய வரைவோ இவ்வாறு இருந்தது:

"தங்கள் புதிய கடை மேன்மேலும் வளர்ந்து சீரும் சிறப்பும் பெற வாழ்த்துகிறோம். புதிய கடைக்கும் எங்களிடமே சரக்கு எடுக்க வேண்டுகிறோம். எவ்வளவு வேண்டுமானாலும் கடனில் தரத் தயாராக உள்ளோம். சென்ற மாத நிலுவை ரூ.18,400-ஐயும் அனுப்பி உதவுக."

முதல் தொடரை எந்தக் கடைக்கும் எவரும் எழுதலாம். அச்சடித்த வாழ்த்தட்டையில் உள்ளதும் அதுதான். இரண்டாம் தொடர் வாழ்த்தை விண்ணப்பமாக மாற்றிவிட்டது. நான்காம் தொடரைப் படித்தபின் மற்ற மூன்றும் நினைவில் நிற்கப்போவதில்லை. நிலுவையைக் கேட்பது தவறன்று; கேட்ட இடமே தவறு.

மூன்றாம் தொடர் பணிவாகத் தோன்றினாலும் மிகவும் இடருடையது அதுவே. கடை இரண்டாகும்போது சரக்கு முதலீடு உடனே பெருகும். விற்பனை மெல்லத்தான் பெருகும். அந்த இடைக்காலத்தில் பழைய கடையின் பணம் புதிய கடைக்குள் முடங்கிக்கொள்ளும். முதலில் தாமதமாவது சரக்கு கொடுத்தவருக்குச் சேரவேண்டிய தொகைதான். நாளை மண்டிக்காரர் கடனுக்கு வரம்பு வைக்க நேர்ந்தால், அவருடைய மடலே அவருக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும்.

விளிப்பிலும் அவருக்கு ஐயம் எழுந்தது. 'அம்மையீர்' என்பது அலுவலக மடலின் விளி. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்திற்கு அது அயன்மையாக ஒலிக்கும். 'தங்கச்சி' என்றால், கடையில் பலர் கையில் போகக்கூடிய மடலுக்கு உரிமை மிகுந்துவிடும். நேரில் அவர் அழைப்பது 'அம்மா' என்றே. வயதில் இளையவராயினும் பேசுவது 'நீங்கள்' என்றே. அதையே எழுத்திலும் கொண்டார். திருத்திய மடல் வருமாறு:

"அன்புள்ள அம்மா,

வணக்கம். உத்திரமேரூரில் இரண்டாவது கடை திறக்கும் செய்தி அறிந்து எங்கள் மண்டியில் அனைவரும் மகிழ்ந்தோம். 2012 ஆடி மாதத்தில் நீங்கள் முதன்முதலாக எங்களிடம் வாங்கியது ஐந்து சிப்பம் அரிசி. 'விற்றால்தான் அடுத்தது' என்றீர்கள். இன்று மாதம் நாற்பது சிப்பம் போகிறது.

2015 டிசம்பர் மழையில் எங்கள் வண்டி நான்கு நாள் வர முடியவில்லை. கையிருப்பை ஒரே ஆளுக்கு விற்காமல், வீட்டுக்கு இரண்டு கிலோ எனப் பழைய விலைக்கே பகிர்ந்து கொடுத்தீர்கள் என்று எங்கள் ஓட்டுநர் வந்து சொன்னார். அந்த ஊர் மக்கள் உங்கள் கடையை விட்டுப் போகாததன் காரணம் அன்றே எங்களுக்குப் புரிந்தது. உத்திரமேரூரும் உங்களை அவ்வாறே அறிந்துகொள்ளும். திறப்பு நாளன்று காலையில் நேரில் வருகிறேன்.

அன்புடன்,
(கையொப்பம்)"

'நேர்மை', 'உழைப்பு' என்னும் சொற்கள் இம்மடலில் இல்லை. இரண்டு கிலோ அரிசியே அவற்றைச் சொல்லிவிடுகிறது. இவ்வாறு எழுதும்போது ஒரு கவனம் தேவை: நினைவுகூரும் நிகழ்ச்சி பெறுபவருக்குப் பெருமை தருவதாக இருக்கவேண்டும். மழைநாளில் அவருக்குத் தவணை நீட்டித்த செய்தியை எழுதியிருந்தால், அது மண்டிக்காரரின் பெருந்தன்மையைப் பறைசாற்றும் மடலாகியிருக்கும். மடல் திறப்பு நாளுக்கு முன்பே போய்ச் சேரவேண்டும். அச்சடித்த பெயரோடு நில்லாமல் உரிமையாளரே கையொப்பமிட வேண்டும்.

நிலுவையும் கடன் வரம்பும் சில நாள் கழித்துத் தனி மடலில் செல்லும். புதிய கடையின் முகவரியைக் கேட்கவேண்டிய இடமும் அதுவே. ஒரே மாநிலத்துக்குள் திறக்கும் இரண்டாவது கடையை, கூடுதல் வணிக இடமாகப் பழைய ஜி.எஸ்.டி. எண்ணிலேயே சேர்த்துக்கொள்ளலாம், ஆகவே பட்டியலில் எண் மாறாது, சரக்கு இறங்கும் முகவரி மட்டும் மாறும். அம்மடலில் தொகையும் தவணை நாளும் ஐயத்திற்கு இடமின்றி எழுதப்படும். ஆடி மாதமும் மழைக்காலமும் அங்கு வேண்டுவதில்லை.