முதல் அஞ்சுல ரெண்டு சரி. ஆனா எந்த ரெண்டு?

ஓசூர் சிப்காட்ல ஒரு மெஷினிங் கம்பெனியில நானும் என் ப்ராஜெக்ட் பார்ட்னரும் இன்டர்ன்ஷிப் பண்ணோம். வேலை இதுதான்: மெஷின் நின்னுபோச்சுன்னா, மெயின்டனன்ஸ் ஆள் போன்ல "ஸ்பிண்டில் சத்தம்"னு அடிப்பார். இதே பிரச்சினை முன்னாடி வந்தப்போ என்ன செஞ்சாங்கன்னு பழைய ஷிப்ட் ரெக்கார்டுகள்ல தேடி எடுத்துக் கொடுக்கணும். ஆளுக்கொரு தேடல் முறை எழுதினோம். அளந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரே மார்க்.

ஆனா யூஸ் பண்ணிப் பார்த்த மெயின்டனன்ஸ் அண்ணன் என்கிட்ட சொன்னது வேற: "தம்பி, உன்னோடதுல கீழ தள்ளித் தள்ளித் தேட வேண்டியிருக்கு. அவரோடதுல மேலயே வந்துடுது."

ஒரே மார்க் வாங்கின ரெண்டுல ஒண்ணு எப்படி மோசமா இருக்கும்? தப்பு எங்க கோட்ல இல்ல, நாங்க எடுத்துக்கிட்ட அளவுகோல்ல.

P@5 எதைப் பார்க்குது, எதைப் பார்க்கல

நாங்க அளந்தது முதல் அஞ்சுக்கான பிரிசிஷன், அதாவது P@5. முதல் அஞ்சு முடிவுல எத்தனை சரியானதுன்னு எண்ணி, அஞ்சால வகுத்தா போதும். கையில போட்டுப் பார்க்க வசதியா, மூணே தேடலை மட்டும் எடுத்துக்குவோம்.

முதல் தேடல் "ஸ்பிண்டில் சத்தம்". இதுக்குப் பொருந்துற ரெக்கார்டு மொத்தம் 4. பார்ட்னரோட முறையில அதெல்லாம் 1, 2, 6, 8-வது இடத்துல வந்துச்சு. என்னோடதுல 4, 5, 6, 8. முதல் அஞ்சுக்குள்ள ரெண்டு பேருக்கும் ரெண்டு. அதனால P@5 ரெண்டுக்கும் 0.4. அஞ்சுக்குள்ள எந்த இடம்ங்கிறதை P@5 பார்க்கவே பார்க்காது. அண்ணன் சொன்னது இதைத்தான்.

ஆவரேஜ் பிரிசிஷன் போடுற விதம்

லிஸ்ட்டை மேல இருந்து கீழ படிங்க. ஒரு சரியான ரெக்கார்டு வரும்போதெல்லாம் அங்க நின்னு, "இதுவரைக்கும் பார்த்ததுல எத்தனை பங்கு சரி"ன்னு கணக்குப் போடுங்க. கடைசியில எல்லாத்தையும் கூட்டி, பொருந்துற ரெக்கார்டுகளோட மொத்த எண்ணிக்கையால வகுங்க.

பார்ட்னர்: (1/1 + 2/2 + 3/6 + 4/8) / 4 = 3.0 / 4 = 0.75

நான்: (1/4 + 2/5 + 3/6 + 4/8) / 4 = 1.65 / 4 = 0.41

கடைசி ரெண்டு பின்னமும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வித்தியாசம் முழுக்க முதல் ரெண்டுலதான் இருக்கு. சரியான ரெக்கார்டுக்கு மேல குப்பை எவ்வளவு இருக்கோ, அந்த அளவுக்கு அதோட பின்னம் குறையும்.

இதே மாதிரி ஒவ்வொரு தேடலுக்கும் போட்டு, வர்ற மதிப்புகளுக்குச் சராசரி எடுத்தா அதுதான் மீன் ஆவரேஜ் பிரிசிஷன், சுருக்கமா எம்ஏபி. இதுல எல்லாத் தேடலுக்கும் ஒரே எடை. நாலு ரெக்கார்டு இருக்குற தேடலும் ஒண்ணு, ஒரே ரெக்கார்டு இருக்குற தேடலும் ஒண்ணு.

நாங்க பண்ண தப்பு

ரிவ்யூக்கு முந்தின நாள் நைட் எம்ஏபி போட்டோம். பார்ட்னரோடது 0.92. சந்தோஷமா ஸ்லைடுல ஏத்திட்டு, சும்மா ஒவ்வொரு தேடலாப் பார்த்தப்போதான் மாட்டுச்சு.

ரெண்டாவது தேடல் "கூலன்ட் பம்ப் எரிஞ்சது". பொருந்துற ரெக்கார்டு மொத்தமே ஒண்ணுதான். பார்ட்னரோட முறையில அது முதல் இடத்துல வந்துச்சு. இதுக்கு மேல யாராலயும் செய்ய முடியாது. ஆனா P@5 வெறும் 0.2தான், ஏன்னா மீதி நாலு இடத்தை நிரப்பச் சரியான ரெக்கார்டே கிடையாது.

மூணாவது தேடல் `bearing`. பொருந்துற ரெக்கார்டு 5. ஆனா நம்ம ஓசூர் ஷாப் ஃப்ளோர் தெரியும்ல? தமிழ், கன்னடம், தெலுங்குன்னு ஆளுக்கொரு பேச்சு. அதனால டைப் பண்றதும் ஆளுக்கொரு மாதிரி. ஒருத்தர் `brg`னு போடுவார், ஒருத்தர் "பேரிங்", இன்னொருத்தர் "பியரிங்". ரெண்டு பேர் முறையும் எழுத்தை எழுத்தோட பொருத்திப் பார்க்குறதுதான். அதனால ரெண்டுலயும் முதல் இடத்துல ஒரே ஒரு ரெக்கார்டு வந்துச்சு, மீதி நாலு வரவே இல்ல. P@5 இங்கயும் 0.2.

கவனிங்க: ஒண்ணு முழு வெற்றி, இன்னொண்ணு அஞ்சுல நாலைத் தவறவிட்டது. P@5-க்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆவரேஜ் பிரிசிஷன்ல முதலாவது 1/1 = 1.0, அடுத்தது 1/5 = 0.2.

ஆனா எங்க கோட் ரெண்டுக்குமே 1.0 கொடுத்திருந்துச்சு. காரணம் கடைசி வரி. மொத்த எண்ணிக்கையால வகுக்காம, கண்டுபிடிச்ச எண்ணிக்கையால வகுத்துட்டோம். அப்படிப் பண்ணா, தவறவிட்டதுக்குத் தண்டனையே கிடையாது. சரியான கோட் இது:

```python
def ap(ranked, relevant):
    hit, total = 0, 0.0
    for i, doc in enumerate(ranked, 1):
        if doc in relevant:
            hit += 1
            total += hit / i
    return total / len(relevant)   # hit அல்ல
```

திருத்தினதும் பார்ட்னரோட எம்ஏபி (0.75 + 1.0 + 0.2) / 3 = 0.65-க்கு இறங்குச்சு. என்னோடதுல கூலன்ட் பம்ப் ரெக்கார்டு நாலாவது இடத்துல வந்ததால (0.41 + 0.25 + 0.2) / 3 = 0.29. P@5 சராசரி ரெண்டு பேருக்கும் 0.27தான். இந்த மாதிரி தப்பைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை: அஞ்சுல ஒண்ணை மட்டும் முதல் இடத்துல கண்டுபிடிச்ச ஒரு பொய் லிஸ்ட்டைக் கொடுங்க. 1.0 வந்தா வகுக்குற எண் தப்பு.

அந்த "மொத்தம்" எங்கிருந்து வரும்?

எம்ஏபியோட கஷ்டம் இங்கதான். ஆயிரக்கணக்கான ரெக்கார்டையும் உட்கார்ந்து படிக்க முடியாது. அமெரிக்காவுல 1992-ல ஆரம்பிச்ச TREC-லயும், இந்திய மொழித் தேடலுக்காக 2008-ல ஆரம்பிச்ச FIRE-லயும் பூலிங்னு ஒரு வழியைப் பயன்படுத்துறாங்க. போட்டியில இருக்குற ஒவ்வொரு முறையோட மேல்பகுதி முடிவுகளையும் ஒண்ணாக் கொட்டி, அதை மட்டும் மனுஷங்க படிச்சு, பொருந்துதா இல்லையான்னு குறிப்பாங்க. குவியல்ல வராதது பொருந்தாததுன்னு எடுத்துக்குவாங்க.

நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆனா எங்க ரெண்டு முறைக்குமே "பியரிங்" தெரியாதே! அந்த ரெக்கார்டு குவியலுக்குள்ளயே வரல. அதனால மொத்தம் 5-க்குப் பதிலா 1-னு பதிவாகியிருக்கும், கோட் சரியா இருந்தாலும் 1.0 வந்திருக்கும். அண்ணன்தான் காப்பாத்தினார். "அந்த மெஷினுக்கு நானே நாலஞ்சு தடவை பேரிங் மாத்தியிருக்கேனே, ஒண்ணுதானா இருக்கு?"ன்னார். அப்புறம் மெஷின் நம்பரை வச்சு கையாலயே தேடி மீதியை எடுத்தோம். ஒரே மாதிரி முறைகளை மட்டும் வச்சு பூலிங் பண்ணா, எல்லாருக்கும் பொதுவா இருக்குற குருட்டுத்தனம் வெளியவே வராது.

அப்போ P@5 வேண்டாமா?

வேணும். போன் ஸ்க்ரீன்ல அஞ்சுதான் தெரியுது, அதுக்குக் கீழ யாரும் போகமாட்டாங்கன்னா, ஸ்க்ரீன்ல எவ்வளவு பயனுள்ளதுங்கிறதுக்கு P@5 நேரடியான பதில். மொத்தம் எத்தனைன்னு தெரியவும் வேண்டாம். ரெண்டு தேடல் முறையில எது மேல், எது எதைத் தவறவிடுதுன்னு முடிவெடுக்கணும்னா எம்ஏபி. `trec_eval` ஓட்டினா `map`, `P_5` ரெண்டையுமே காட்டும், ரெண்டையும் பாருங்க.

கேமரா வச்சு டிஃபெக்ட் கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு ஒண்ணு: அங்க வர்ற `mAP@0.5`-ல 0.5ங்கிறது இடத்தோட எண் இல்ல, கட்டம் எவ்வளவு பொருந்தணும்ங்கிற அளவு. சராசரியும் தேடல்களுக்கு இல்ல, டிஃபெக்ட் வகைகளுக்கு.

ரிவ்யூல 0.65-ஐத்தான் காட்டினோம். பார்ட்னரோட முறையை எடுத்துக்கிட்டு, `brg`, பேரிங், பியரிங் மூணையும் ஒண்ணாக்குற ஒரு சொல் பட்டியலை நான் எழுதினேன்.