நிலக்கடலை முளைப்புச் சோதனை: ஆய்வகக் குறிப்பைச் செய்முறைப் பட்டியலாக்குவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விவசாயிகள் பலர் நிலக்கடலைக்குத் தங்கள் வீட்டு விதையையே பயன்படுத்துகின்றனர். விதைப்பருப்பை வயலில் இட்ட பிறகு முளைப்புக் குறைவு தெரிந்தால், விதையும் போகும், மழை ஈரமும் போகும். இதை முன்கூட்டி அறிய விதைப் பரிசோதனை நிலையங்களில் கையாளும் முறை உண்டு. ஆனால் அது பத்தியாக எழுதப்பட்டிருப்பதால், படிக்கும்போது புரிவது போலிருந்து, செய்யும்போது தவறுகிறது.

ஆய்வகக் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“நானூறு பருப்புகள் நூறு நூறாக நான்கு பிரிவுகளாக எடுக்கப்பட்டு, ஈரப்படுத்தி அதிகப்படி நீர் நீக்கிய தாள்களுக்கிடையே இடைவெளி விட்டு வைத்துச் சுருட்டப்படும். சுருள்கள் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் இயல்பான நாற்றுகள் எண்ணப்படும். பருப்புகள் சோதனைக்குச் சற்று முன்பு காயிலிருந்து உடைத்தவையாக இருத்தல் வேண்டும்.”

பத்தியைப் பிரிக்கும் முறை

முதலில், பத்தியில் வரும் பொருள்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவை பொருள் பட்டியலாகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவை எழுதுங்கள்.

அடுத்து, செயல்களைத் தனித்தனியே எழுதி, ஒரு செயலுக்கு ஓர் எண் கொடுங்கள். பத்தியில் வந்த வரிசையில் எழுதாமல், செய்ய வேண்டிய வரிசையில் எழுதுங்கள். மேற்கண்ட குறிப்பில் காய் உடைப்பது கடைசி வரியில் உள்ளது. ஆனால் அதுவே முதல் வேலை. பத்தியின் வரிசையிலேயே செல்பவர், என்றோ உடைத்து வைத்த பருப்பை எடுத்துச் சோதித்துவிடுவார். உடைத்து வைத்த பருப்பு விரைவில் முளைப்புத்திறன் இழக்கும். எனவே முடிவு உங்கள் காயின் உண்மை நிலையைக் காட்டாது.

மூன்றாவதாக, தெளிவற்ற சொற்களைத் தேடுங்கள். ‘அதிகப்படி நீர்’ என்றால் எவ்வளவு? ‘இயல்பான நாற்று’ என்றால் எது? இவற்றுக்குக் கண்ணாலோ கையாலோ அறியக்கூடிய அடையாளத்தை எழுத வேண்டும்.

வீட்டுக்கேற்ற பட்டியல்

தேவையான பொருள்கள்: விதைக்காய் (100 பருப்புக்குப் போதுமானது), சுத்தமான பருத்தித் துணித் துண்டுகள் 4, சுத்தமான தண்ணீர், நூல், பெயர்ச் சீட்டுகள் 4, பிளாஸ்டிக் வாளி 1, குறிப்பேடு.

செய்முறை:

1. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து காய் எடுத்துக் கலக்கவும்.
2. அன்றைக்கே கையால் உடைக்கவும். விதைக்கும்போது கழிக்கும் உடைசல், சுருங்கல் பருப்புகளை நீக்கவும்.
3. மீதியிலிருந்து நல்லதாகப் பொறுக்காமல், வருவது வரிசையாக 100 பருப்பு எண்ணி, 25 வீதம் நான்காகப் பிரிக்கவும்.
4. துணியை நனைத்துப் பிழியவும். விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி நீர் தேங்கக் கூடாது.
5. பருப்புகளை ஒன்றையொன்று தொடாமல் துணியின் ஒரு பாதியில் பரப்பி, மறுபாதியால் மூடிச் சுருட்டி, தளர்வாகக் கட்டவும். தேதியும் எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டவும்.
6. சுருள்களை வாளியில் நிமிர்த்தி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கவும். நாள்தோறும் பார்த்து, துணி உலர்ந்தால் மட்டும் தெளிக்கவும்.
7. ஐந்தாம் நாள் திறந்து, இயல்பான நாற்றுகளை எண்ணி எடுத்துவிட்டு மீண்டும் சுருட்டவும். அழுகிய பருப்புகளையும் அகற்றிக் குறித்துக் கொள்ளவும்.
8. பத்தாம் நாள் மீதியை எண்ணவும். இரு எண்ணிக்கைகளையும் கூட்டவும்.

நீண்ட வேரும் தடித்த, முறியாத தண்டும் உடையதே இயல்பான நாற்று. வேர் குட்டையாகவோ அழுகியோ இருந்தால், முளைத்திருந்தாலும் கணக்கில் சேர்க்கக் கூடாது. முளைக்காத பருப்பை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று பூசணம் பிடித்திருந்தால் அது செத்த விதை. கெட்டியாகப் புதிதுபோல் இருந்தால் உறக்க நிலையில் இருக்கலாம். சில நாள் கழித்து மறுபடி சோதிக்கலாம்.

கணக்கு

நான்கு சுருள்களில் 19, 21, 18, 20 என வந்தால் கூட்டுத்தொகை 78. நூறு பருப்பு என்பதால் முளைப்பு 78 சதம். சான்று விதைக்கு வேண்டிய குறைந்த அளவு 70 சதம். ஆகவே இந்த விதை தேறும். ஆனால் 19, 21, 9, 20 என்று வந்தால் 69 என எழுதி விதையைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு சுருள் மட்டும் இவ்வளவு விலகினால், அநேகமாகத் துணியில் ஈரம் மிஞ்சிக் காற்றின்றி அழுகியிருக்கும். மறுபடி சோதியுங்கள்.

மறுசோதனைக்கு இன்னும் பத்து நாள் ஆகும் என்பதால், விதைப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நூறு பருப்பில் செய்யும் வீட்டுச் சோதனை உங்கள் வயலுக்கே. விற்பனை செய்யும் விதைக்கு விதைப் பரிசோதனை நிலையத்தின் முடிவே தேவை.