23 சொல் வாக்கியத்தை 4 ஸ்லைடாக்குவது எப்படி?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறலோடு தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமலே வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள்.

ஆபத்தான ரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்கு, ஆபத்து என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தத் தகவல் ஸ்லைடுகளாகவும் நம் கைக்கு வரலாம். குடியிருப்போர் சங்கத்திலோ மகளிர் குழுவிலோ இருக்கும் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் அப்படி ஒன்று வந்திருக்கலாம். அதை எளிதாக வாசிக்கும் வடிவத்துக்கு நீங்களே மாற்றலாம். வாங்க, ஒரே ஒரு ஸ்லைடை எடுத்துச் செய்து பார்ப்போம்.

வழக்கமாக வரும் நடை இப்படி இருக்கும் (இது நானே எழுதிய மாதிரி):

"அமோனியா வாயுக் கசிவு கண்டறியப்படும் பட்சத்தில் பொதுமக்கள் ஈரத்துணியால் மூக்கு மற்றும் வாயினை மூடிக்கொண்டு காற்று வீசும் திசைக்கு எதிர்த்திசையிலோ அல்லது செங்குத்தான திசையிலோ பாதுகாப்பான இடத்திற்கு விரைந்து செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்."

23 சொற்கள், ஒரே வாக்கியம். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் 'செல்லுமாறு' வரை வருவதற்குள் 'ஈரத்துணி' மறந்துபோகும். 'அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்ற சொல்லை அவர் பாதியிலேயே விட்டுவிடுவார். நல்லவேளையாக அதில் விஷயம் எதுவும் இல்லை! முதல் வேலை, 'பட்சத்தில்', '-படும்', '-மாறு' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் பேசுகிற தமிழில் எழுதுவது. நெடியை அடையாளம் காணணும், துணியை நனைக்கணும், காற்றைப் பார்க்கணும், விலகிப் போகணும். நாலு விஷயம், அதனால் நாலு ஸ்லைடு.

முதல் இரண்டும் சுலபம். "மூக்கைத் துளைக்கிற நெடி வருதா? அமோனியாவாக இருக்கலாம்." அடுத்தது, "துண்டைத் தண்ணீரில் நனைங்க. மூக்கையும் வாயையும் மூடுங்க." அமோனியா தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதால்தான் ஈரத்துணி. அந்தக் காரணம் ஸ்லைடில் வேண்டாம். கேட்பவர்களுக்கு நேரில் சொல்லுங்க. ஆனால் ஈரத்துணி கட்டினால் அங்கேயே நிற்கலாம் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். அதனால் அதே ஸ்லைடில் மூன்றாவது வரியாக "உடனே விலகிப் போங்க" என்று சேருங்க.

சிக்கல் காற்றில்தான். 'எதிர்த்திசை' என்ற சொல்லை என் பாட்டியிடம் காட்டி, எங்கே போவீங்கன்னு கேட்டேன். "எதிர் வீட்டுக்கா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கசிவு நடந்த இடத்திலிருந்து காற்று உங்கள் பக்கம் வீசும்போது, காற்றுக்கு எதிராக ஓடினால் கசிவுக்குள்ளேயே போய்ச் சேருவீங்க. அந்த நிலையில் இருப்பவர் காற்றுக்குக் குறுக்கே, பக்கவாட்டில்தான் விலக வேண்டும். அது 'செங்குத்தான' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. பலருக்கு அந்தச் சொல் மலை ஏறுவதைத்தான் ஞாபகப்படுத்தும்.

நான் எழுதிப் பார்த்தது இது. மூன்றாவது ஸ்லைடு: "காற்று எந்தப் பக்கம் போகுது? கொடியைப் பாருங்க. காயப்போட்ட துணியைப் பாருங்க." நாலாவது: "காற்று உங்க கன்னத்தில் படணும். அப்படி நடங்க." காற்று முகத்தில் பட்டால் எதிராகப் போகிறோம். முதுகில் பட்டால் அதோடு சேர்ந்து போகிறோம். கன்னத்தில் பட்டால் குறுக்கே போகிறோம். இருட்டிலும் இது தெரியும்.

இதை அப்படியே அனுப்பிவிடாதீங்க. எளிமையாக்கும்போது அர்த்தம் மாறியதா என்று தீயணைப்புத் துறையோ தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியோ பார்க்கணும். எண்ணூர்க் கரை வடக்கு தெற்காக நீள்கிறது. கடல் காற்று கிழக்கிலிருந்து வந்தால், விரைவுச் சாலையோடு வடக்கிலோ தெற்கிலோ விலகலாம். காற்று வடக்கிலிருந்து வந்தால் ஒரு பக்கம் கடல்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு குப்பத்துக்கும் எந்தத் தெரு வழியாக, எங்கே போய்க் கூடுவது என்று தனி ஸ்லைடு வேண்டும். அந்த இடத்தை அதிகாரிகள்தான் சொல்லணும். 'வீட்டுக்குள் கதவை மூடி இருங்க' என்பது வேறு சூழ்நிலைக்கான அறிவுரை. அதையும் 'வெளியேறுங்க' என்பதையும் ஒரே ஸ்லைடில் போட்டால் இரண்டுமே குழம்பும். அறிவிப்பு எப்படி வந்தால் எதைச் செய்வது என்று தனித்தனியாக எழுதுங்க.

'ஓடாதீங்க' மாதிரியான சொற்களில் கவனம் வேண்டும். தமிழில் 'வேண்டாம்' என்கிற அர்த்தம் சொல்லின் நடுவில் ஒரு சின்ன 'ஆ'வில் இருக்கிறது. அவசரத்தில் படிப்பவர் 'ஓடு' என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். படத்திலும் இதே கதைதான். சிவப்பு பெருக்கல் குறியைக் கவனிக்காமல் அதன் கீழே இருக்கும் படத்தையே செய்முறையாக நினைப்பவர்கள் உண்டு. செய்ய வேண்டியதை மட்டும் வரையுங்க. பிளாஸ்டிக் குடம், துண்டு, குழாய் என்று நம் தெருவில் இருப்பவையே படத்தில் வரட்டும்.

மொழி விஷயத்துக்கு வருவோம். வடசென்னையில் வேலை செய்யும் ஒடியா, இந்தித் தொழிலாளர்களில் நிறையப் பேர் தமிழில் நன்றாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அவர்களுக்கு அவர்கள் எழுத்தில் தனித் தொகுப்பு செய்யுங்க. ஒரே ஸ்லைடில் இரண்டு மொழி வேண்டாம். மொழிபெயர்ப்பவருக்கு மேலே உள்ள 23 சொல் வாக்கியத்தைக் கொடுக்காமல் எளிய தமிழைக் கொடுங்க. எல்லா மொழித் தொகுப்பிலும் படம் ஒன்றாகவே இருந்தால், பக்கத்து அறைக்காரர்கள் விரலால் காட்டியே பேசிக்கொள்ளலாம். எந்த எழுத்துமே படிக்கத் தெரியாதவருக்கு ஸ்லைடு உதவாது. அதே வரிகளை அரை நிமிட வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்புங்க.

ஸ்லைடை போனுக்கேற்ப நீளவாக்கில் அமைத்து, JPEG படமாகச் சேமிங்க. கையை நீட்டிப் பிடித்து, பெரிதாக்காமல் படிக்க முடியுதான்னு பாருங்க. வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு ஆகும்போது வரிசை மாறலாம் என்பதால், ஒவ்வொன்றிலும் 1/4, 2/4 என்று பெரிதாக எண் போடுங்க.

பிறகு நாலைந்து பேரிடம் காட்டுங்க. மீன்பாடி வண்டி ஓட்டுபவர், குப்பத்து அக்கா, ஒரு வெளிமாநிலத் தொழிலாளி என்று கலந்து இருக்கட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். போனை மறைத்துவிட்டு, "இப்போ நெடி வருது, என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்க. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த ஸ்லைடை மாற்றி எழுதணும்.

கடைசி ஸ்லைடில் எண்கள் மட்டும் போதும்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. கீழே தயாரித்த மாதம், ஆண்டு எழுதுங்க. கூடும் இடம் மாறினால், பழைய படத்தைப் பின்பற்ற வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிட்டுப் புதியதைப் போடுங்க.