மறுப்புக் கடிதம் ஒன்றைத் திருத்தி எழுதுதல்

“தொகையைத் திருப்பித் தர இயலாது. கணக்கு எண்ணைத் தவறாக இட்டவர் வாடிக்கையாளரே. புகார் முடிக்கப்பட்டது.”

வங்கிகளின் புகார்ப் பதிவேடுகளில் இத்தகைய குறிப்புகள் இடம்பெறுவதுண்டு. ஓர் அலுவலர் மற்றோர் அலுவலருக்காக எழுதும் குறிப்பு என்ற அளவில் அதன் சுருக்கத்தில் குற்றமில்லை. இதே மூன்று வாக்கியங்கள் மேலே முகவரியும் கீழே கையொப்பமும் பெற்று வாடிக்கையாளரின் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இக்குறிப்பை ஒரு முறையான கடிதமாக மாற்றி எழுதிப் பார்ப்போம். எழுதுவது வங்கியாகிய நாம் என்றாலும் படிப்பது தாங்கள். ஆகவே, இவ்வகைக் கடிதத்தில் எவற்றை எதிர்பார்க்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்வை எண்ணிக்கொள்வோம். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த உருக்குக் கம்பிகளுக்காக 2025 ஜூன் 10 அன்று இணைய வங்கிச் சேவையின் வழியே நெஃப்ட் முறையில் ரூ.48,500 அனுப்புகிறார். கணக்கு எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. திரையில் தோன்றிய பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லாமல் ஒரு தனிமனிதரின் பெயராக இருந்தது. உரிமையாளரின் பெயராக இருக்கும் என்று கருதி அவர் ஒப்புதல் அளித்துவிட்டார். மறுநாள் காலையில் “பணம் வரவில்லையே” என்று கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசி வந்த பிறகே செய்தி தெரிகிறது. அன்றே கிளைக்கு வந்து, தொகையைத் திருப்பித் தருமாறு தமிழில் எழுதிக் கொடுக்கிறார். அவ்வாரம் பட்டறைத் தொழிலாளர்களுக்குக் கூலி தர வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிட்டிருக்கிறார்.

பதிவேட்டுக் குறிப்பில் உள்ள முதற்குறை அதன் கடுமை அன்று. அது கூறும் காரணமே சரியான காரணம் அன்று என்பதே குறை. எண் தவறியது உண்மைதான். ஆயினும் அது பணம் எவ்வாறு வழிதவறியது என்பதைக் கூறுகிறதே தவிர, வங்கி அதை ஏன் மீட்டுத் தர முடியவில்லை என்பதைக் கூறவில்லை. பட்டறைக்காரர் தம் பிழையை முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார். அதையே மறுபடியும் எடுத்துச் சொல்வதால் அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

மெய்யான காரணங்கள் இரண்டு. முதலாவது, மின்னணுப் பரிமாற்றத்தில் தொகை வரவு வைக்கப்படும் முறை. கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு வரவு வைக்கலாம் என்றும், அந்த எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புபவரைச் சார்ந்தது என்றும் ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. நெஃப்ட் தொகைகள் அரை மணிக்கு ஒரு தொகுதியாக இரவு பகலாகச் செல்கின்றன. குறிப்பிட்ட எண்ணில் கணக்கே இல்லையெனில் தொகை அனுப்பியவருக்கே திரும்பி வந்துவிடும். இந்நிகழ்வில், இடம் மாறிய எண்ணிலும் உண்மையாகவே ஒரு கணக்கு இருந்தது. அதனால் தொகை அங்கே தங்கிவிட்டது.

இரண்டாவது காரணமே முதன்மையானது. பெரும்பாலான மறுப்புக் கடிதங்களில் விடுபட்டுப் போவதும் அதுதான். அந்தத் தொகை இப்போது வேறொரு வங்கியில், வேறொருவரின் கணக்கில் இருக்கிறது. அக்கணக்குடையவரின் சம்மதமோ நீதிமன்றத்தின் ஆணையோ இல்லாமல், ஒருவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக அவ்வங்கி அதிலிருந்து பணத்தை எடுத்துத் தர இயலாது. அனுப்பியவர் எத்துணை நேர்மையானவராக இருப்பினும் இந்நிலை மாறாது. யாரோ ஒருவர் “தவறுதலாக அனுப்பிவிட்டேன்” என்று கூறியதும் நம் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டால் நாம் ஏற்போமா? பட்டறைக்காரரின் கணக்கைக் காக்கும் அதே விதிதான் இன்று அவருக்கு எதிராக நிற்கிறது. கடிதம் அவருக்கு விளக்க வேண்டியது இதைத்தான்.

இனிக் கடிதத்தைப் பார்ப்போம்.

“அன்புடையீர்,

10.6.2025 அன்று தாங்கள் நெஃப்ட் மூலம் அனுப்பிய ரூ.48,500, தங்களுக்குச் சரக்கு வழங்கியவரைச் சென்றடையாமல் வேறொருவர் கணக்கில் சேர்ந்தது பற்றித் தாங்கள் 11.6.2025 அன்று அளித்த விண்ணப்பத்தைப் பரிசீலித்தோம். இத்தொகையை எங்களால் திருப்பித் தர இயலவில்லை. கூலி வழங்க வேண்டிய வாரத்தில் இத்தொகை கைவிட்டுப் போனது தங்களுக்கு எத்தகைய நெருக்கடி என்பதை உணர்ந்தே இதை எழுதுகிறோம்.

தாங்கள் உள்ளிட்ட எண்ணில் ஒரு கணக்கு செயற்பாட்டில் உள்ளது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மின்னணுப் பரிமாற்றத் தொகைகள் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுகின்றன. எனவே தொகை அக்கணக்கில் சேர்ந்துவிட்டது. அக்கணக்குடையவரின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இன்றி அதனை எடுத்துத் தர, எங்களுக்கோ அவருடைய வங்கிக்கோ அதிகாரம் இல்லை.

தாங்கள் விண்ணப்பித்த அன்றே அவ்வங்கிக்கு எழுதினோம், 18.6.2025 அன்று நினைவூட்டினோம். கணக்குடையவருக்குத் தகவல் தெரிவித்ததாகவும், அவர் இதுவரை சம்மதம் அளிக்கவில்லை என்றும் 23.6.2025 அன்று அவ்வங்கி பதிலளித்துள்ளது. அவர் பின்னர் இசைந்தால், தொகை வந்த உடனே தங்கள் கணக்கில் சேர்ப்போம். எனினும் அதனை எதிர்பார்த்து மற்ற நடவடிக்கைகளைத் தாங்கள் தள்ளிவைக்க வேண்டாம்.

தவறுதலாகப் பெற்ற பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவில் கூறுகிறது. இதன்படி வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பவும் உரிமையியல் நீதிமன்றத்தை நாடவும் தங்களுக்கு வழியுண்டு. பரிமாற்றத்தின் யு.டி.ஆர். எண், தொகை சென்ற வங்கி மற்றும் கிளையின் பெயர், அவ்வங்கியுடன் நாங்கள் நடத்திய கடிதப் போக்குவரத்தின் விவரம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம். கணக்குடையவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இரகசியம் காக்கப்பட வேண்டியவை என்பதால் அவற்றைத் தர இயலவில்லை. நீதிமன்றம் கோரினால் அவை அங்கே அளிக்கப்படும்.

எங்கள் முடிவை வங்கியின் உள் ஓம்பட்ஸ்மன் ஆராய்ந்துள்ளார். இம்முடிவு தங்களுக்கு ஏற்புடையதன்று எனில், ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.”

குறிப்பு மூன்று வாக்கியம். கடிதம் ஒரு முழுப் பக்கம். ஆனால் மிகுதியான சொற்களில் பெரும்பகுதி ஆறுதல் மொழியன்று. தேதிகளும் தொகையும் விதியும் செய்த பணிகளுமே. வாடிக்கையாளரின் நிலையை உணர்ந்ததாகக் கூறுவது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் அவரே எழுதிய கூலிச் செய்தியை எடுத்தாள்வதால்தான் பொருள் பெறுகிறது. “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்னும் வழக்கமான வரி எக்கடிதத்திற்கும் பொருந்துவதால், விண்ணப்பத்தைப் படிக்காமலே எழுதியதாகத் தோன்றும். நாம் அதனை வேண்டுமென்றே தவிர்த்தோம்.

மறுப்பு முதற்பத்தியிலேயே வந்துவிடுவதையும் கவனிக்கலாம். மென்மையாக எழுத விரும்பும் அலுவலர்கள் இதனைக் கடைசிக்குத் தள்ளுவர். சிலர் “தொடர்ந்து முயன்று வருகிறோம்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவர். கடுமையான குறிப்பைவிட இதனால் விளையும் தீங்கு பெரிது. படிப்பவர் பணம் வந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பார். அதற்குள் அத்தொகை செலவழிந்து போகலாம். வழக்குத் தொடர்வதற்கும் காலவரம்பு உண்டு.

உள் ஓம்பட்ஸ்மன் பற்றிய வரி வெறும் சடங்கன்று. பெரிய வங்கிகள் ஒரு புகாரை முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்க முற்படும்போது, இறுதிப் பதில் தருமுன் அதனை உள் ஓம்பட்ஸ்மனின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. “வாடிக்கையாளர் தவறு” என்ற குறிப்பு மட்டும் அவரிடம் சென்றால், மற்ற வங்கிக்கு எழுதியது எப்போது, பதில் என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பவே செய்வார். தங்களுக்கு வரும் இறுதி மறுப்பில் இவ்வரி இல்லையெனில் கேட்கலாம். முப்பது நாட்களில் பதிலே வரவில்லையெனினும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனை அணுகலாம். அவர் பார்ப்பது வங்கியின் சேவையில் குறை இருந்ததா என்பதையே. தொகையைப் பெற்றுக்கொண்ட தனிமனிதரிடமிருந்து வசூலித்துத் தருவது அவருடைய பணியன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் நீதிமன்ற வழியைக் கைவிட்டு அங்கே மட்டும் காத்திருப்போர் உண்டு.

திரையில் தோன்றும் பெயரைப் பற்றி ஒரு சொல். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. இதற்குக் கட்டணம் இல்லை. வணிகர்களின் கணக்குகளில் நிறுவனப் பெயருக்குப் பதில் உரிமையாளர் பெயர் தோன்றுவது அரிதன்று. ஆதலால் பட்டறைக்காரரின் ஊகம் பொறுப்பற்றது என்று எவரும் கூற இயலாது. பெயரில் ஐயம் எழுந்தால் ஒரு ரூபாய் மட்டும் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று கேட்டறிந்த பின் மீதியை அனுப்புவது ஹெப்பாள் போன்ற தொழிற்பகுதிகளில் வணிகர்களுக்கு எளிய காப்பாகும்.

மேற்கண்ட கடிதம் எல்லா நிகழ்வுக்கும் பொருந்தாது. எவரேனும் ஏமாற்றிப் பணத்தை அனுப்பச் செய்திருந்தால் அது மோசடி. அப்போது கடிதத்திற்குக் காத்திராமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்பதோடு வங்கிக்கும் தகவல் தர வேண்டும். மற்றொன்று, கிளையில் தாளில் படிவம் நிரப்பிக் கொடுத்த பரிமாற்றம். படிவத்தில் எண் சரியாக இருந்து, அதைக் கணினியில் ஏற்றிய ஊழியர் பிழை செய்திருந்தால் பொறுப்பு வங்கியுடையது. அங்கே மறுப்புக் கடிதத்திற்கே இடமில்லை. ஆகவே மறுப்பு எழுதுமுன் அலுவலர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது அந்தப் படிவத்தையே. தங்களிடம் இருக்கும் ஒப்புதல் நகலில் கணக்கு எண்ணும் கிளையின் முத்திரையும் தெளிவாக உள்ளனவா என்று கவுன்ட்டரை விட்டு நகருமுன் பார்த்துக்கொள்ளவும்.