தலைமையாசிரியர் நாற்காலியில் முதல் வாரம்

ஜெயமங்கலம் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியை, பதவி உயர்வில் தலைமையாசிரியர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறை கைவந்தது, மேசைமேல் இருக்கும் ரொக்கப் பதிவேடு புதிது. 'எனக்குத் தகுதியில்லை, சீக்கிரம் எல்லாருக்கும் தெரிந்துவிடும்' என்று நடுக்கம் வரும். பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978-இல் இதைப் பற்றி எழுதியதே, நன்றாகச் சாதித்த பெண்களிடம் கண்டுதான்.

அந்த நடுக்கத்தைக் கேள்வியாக எழுதிப் பாருங்கள். "கணக்கு எனக்கு வராது" என்பது பயம். "பதிவேட்டில் இருப்பு 18,400 ரூபாய், வங்கிப் புத்தகத்தில் 21,400, 3,000 ஏன் கூடுதல்?" என்பது கேள்வி. இதற்கு விடை உண்டு. பெரும்பாலும், கொடுத்த காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போட்டிருக்க மாட்டார். அல்லது வங்கி வரவு வைத்த வட்டி பதிவேட்டில் ஏறியிருக்காது. காசோலை அடிக்கட்டையையும் வங்கி வரவு செலவையும் தேதிவாரியாக ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

பிடிபடாவிட்டால், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் 'சரி' என்று கையெழுத்துப் போடாதீர்கள். வித்தியாசத்தை எழுதிவைத்து, முன்பிருந்தவரிடம் விளக்கம் கேளுங்கள். கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியரிடம் கேட்பதானால் பதிவேட்டின் நகலோடு போங்கள். வெறும் கவலையோடு போனால் ஆறுதல்தான் கிடைக்கும்.

கேள்விகள் தீர்ந்தபின்னும் தூக்கம் வராமல் நடுக்கம் வாரக்கணக்கில் நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.